பள்ளத்தூர் தளத்துக்கு எந்தக் கான்கிரீட்? வாளிக் கணக்கும் பாத்தித் தண்ணீரும்

பள்ளத்தூரில் ஒரு ஆச்சி, பழைய வீட்டின் பின்கட்டை ஒட்டி இரண்டு அறையும் ஒரு சமையல்கட்டும் புதிதாகக் கட்டுகிறார். சுவர் எழும்பிவிட்டது, சென்டரிங் அடித்துக் கம்பியும் கட்டியாயிற்று. சித்திரையில் தளம் போட நாள் குறித்த பிறகுதான் வீட்டில் மூன்று கட்சியாகிவிட்டது. "ஒண்ணு, ஒண்ணரை, மூணு போட்டுச் சைட்டிலேயே கலக்கிடலாம்" என்பது மேஸ்திரி. பிளான்ட்டிலேயே கலந்து வரும் ரெடிமிக்ஸ் கான்கிரீட் வண்டியை வரவழைக்கச் சொல்லிச் சென்னையிலிருந்து மகன் போன் செய்கிறார். பேத்தி பாலிடெக்னிக்கில் சிவில் படிக்கிறாள். நான் வகுப்பில் காட்டிய கட்டுமானப் பொருள் பாட ஸ்லைடுகளைப் போனில் வைத்துக்கொண்டு, நீர்-சிமென்ட் விகிதம் 0.5-ஐத் தாண்டக் கூடாது என்று மேஸ்திரியிடம் வாதாடியிருக்கிறாள். கடைசியில் ஆச்சி என்னைக் கூப்பிட்டனுப்பினார். "நீங்க பாடம் சொன்ன வாத்தியார்தானே தம்பி, நீங்களே வந்து எது சரின்னு சொல்லுங்க."

போனேன். தளம் 30 அடிக்கு 25 அடி, கனம் 5 அங்குலம். பீம்களையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 10 கன மீட்டர் கான்கிரீட். 1:1.5:3 கலவைக்குக் கன மீட்டருக்கு ஏறக்குறைய 8 மூட்டை பிடிக்கும் என்பதால் 80 மூட்டை சிமென்ட். வரைபடத்தில் எம்20 என்று போட்டிருந்தது. 28 நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் அழுத்தம் தாங்க வேண்டும் என்பது அதன் பொருள்.

மூவரும் சொன்னதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் மேஸ்திரியின் ஒண்ணு, ஒண்ணரை, மூணில் ஒரு எண் விடுபட்டிருக்கிறது. சிமென்ட் ஒரு பங்கு, மணல் ஒன்றரைப் பங்கு, ஜல்லி மூன்று பங்கு, சரி. தண்ணீர் எத்தனை? தளத்தின் பலத்தையும் ஒழுகலையும் பெருமளவு தீர்மானிப்பது அந்த நான்காவது எண்தான். அதனால் இந்த மூன்று வழிகளையும், எதில் தண்ணீர் நம் கைக்குள் நிற்கும் என்ற ஒரே கேள்வியை வைத்துத்தான் ஒப்பிட்டேன்.

ஸ்லைடில் இருந்த வளைகோடு

பேத்தி காட்டிய ஸ்லைடில் கீழே இறங்கும் வளைகோடு ஒன்று இருக்கும். டஃப் ஏப்ரம்ஸ் 1918-இல் வெளியிட்ட முடிவு அது. கான்கிரீட்டை முழுக்க இறுக்கிப் போட்டிருந்தால், அதன் பலம் சிமென்ட் எடைக்குத் தண்ணீர் எடை எவ்வளவு என்ற விகிதத்தைப் பொறுத்தது. தண்ணீர் ஏற ஏறப் பலம் இறங்கும். 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர் ஊற்றினால் விகிதம் 0.5. 35 லிட்டர் ஊற்றினால் 0.7. இந்த 10 லிட்டரில் பலம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும்.

ஏன் என்பதை ஆச்சிக்குச் சொன்ன விதத்திலேயே இங்கும் சொல்கிறேன். சிமென்ட் காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு வேதிவினை புரிந்து இறுகுகிறது. அதற்குச் சிமென்ட் எடையில் கால்பங்குக்குச் சற்றுக் குறைவான தண்ணீர் போதும். உண்டாகும் பசையின் நுண்துளைகளில் தங்குவதையும் சேர்த்தால் 0.38 அளவில் கணக்கு முடிந்துவிடும். அதற்கு மேல் ஊற்றுவதெல்லாம் கலவை கையாள இளக்கமாக வருவதற்காக மட்டுமே. அந்த மிச்சத் தண்ணீர் பின்னால் ஆவியாகி வெளியேறும்போது, இருந்த இடத்தில் இழை போன்ற துளைகளை விட்டுவிட்டுப் போகிறது. மழைநீர் இறங்குவதும், கம்பி துருப்பிடிக்கக் காற்றும் ஈரமும் போய்ச் சேருவதும் அந்த வழியாகத்தான்.

"அப்ப சிமென்டை ஒரு மூட்டை கூடப் போட்டாத் தீந்துச்சுல்ல?" என்றார் ஆச்சி. பலரும் கேட்பது இது. கூடுதல் மூட்டையோடு தண்ணீரும் கூடினால் விகிதம் மாறாது, பலமும் மாறாது. பசை அதிகமாவதால் சுருக்க வெடிப்புதான் கூடும்.

மேஸ்திரியின் வழி: சட்டிக் கணக்கு

வழக்கமாக நடப்பது இதுதான். மிக்சர் மெஷினில் ஒரு மூட்டை சிமென்டைக் கொட்டுவார்கள். மணலும் ஜல்லியும் சட்டிச் சட்டியாக விழும். ஒருவர் குவித்து அள்ளுவார், இன்னொருவர் தலைவெட்டி அள்ளுவார். தண்ணீரை ஹோஸிலிருந்தோ பிளாஸ்டிக் குடத்திலிருந்தோ, கலவை 'ஓடுகிற' வரை விடுவார்கள். காலையில் வெயில் ஏறாதபோது ஒரு பதம், உச்சியில் கலவை சீக்கிரம் இறுகுவதால் இன்னும் அரைக் குடம். மேஸ்திரிக்கு அனுபவம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அவர் கண் பதத்தைச் சரியாகவே பார்க்கிறது. அந்தப் பதத்துக்குள் 25 லிட்டர் இருக்கிறதா 35 லிட்டரா என்பதை எந்தக் கண்ணாலும் பார்க்க முடியாது.

என் வீட்டு முன்தளத்தை இப்படித்தான் போட்டார்கள், நான் வெளியூர் போயிருந்த ஒரு நாளில். மாலை வந்து பார்த்தபோது மேலே மெல்லிய தண்ணீர்ப் படலம் மினுங்கிக்கொண்டிருந்தது. சென்டரிங் பலகை இடுக்கு வழியே சிமென்ட் பால் ஒழுகித் தரையில் சாம்பல் கோடாகக் காய்ந்திருந்தது. பத்து நாள் கழித்து உள்ளங்கையால் தேய்த்தால் மாவு போல் வெள்ளைப் பொடி வந்தது. முதல் ஐப்பசியிலேயே ஈரம் கீழே இறங்கியது. அந்த மூன்று அடையாளங்களும், மேலே மிதக்கும் தண்ணீர், கீழே ஒழுகும் பால், தேய்த்தால் வரும் பொடி, தண்ணீர் மிஞ்சிவிட்டதைத்தான் சொல்கின்றன.

இந்த வழிக்கு ஒரே நன்மை, யாரும் எதையும் மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. தளத்துக்கு நான் இதைப் பரிந்துரைக்கவில்லை.

ரெடிமிக்ஸ்

மகன் சொன்னதில் நியாயம் நிறைய உண்டு. பிளான்ட்டில் சிமென்ட், மணல், ஜல்லி, தண்ணீர் எல்லாவற்றையும் எடை போட்டுச் சேர்ப்பார்கள். மணலில் இருக்கும் ஈரத்தையும் கழித்தே தண்ணீர் விடுவார்கள். ஒவ்வொரு வண்டியோடும் பேட்ச் ஸ்லிப் வரும். அதில் சிமென்ட் எத்தனை கிலோ, தண்ணீர் எத்தனை கிலோ என்று இருக்கும். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் விகிதம் கையில் கிடைத்துவிடும். வரைபடத்தில் எம்25 என்று இருந்திருந்தால் பேச்சே வேண்டியதில்லை. பங்குக் கணக்கில் கலக்கும் கலவையை, கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதிநூல் ஐ.எஸ். 456, எம்20 வரைக்கும்தான் அனுமதிக்கிறது. அதற்கு மேலே வடிவமைத்து, எடை போட்டுக் கலந்தாக வேண்டும்.

இடைஞ்சல் எல்லாம் வழியில் இருக்கிறது. வண்டியில் ஏற்றியதிலிருந்து 2 மணி நேரத்துக்குள் கான்கிரீட்டை இறக்கிவிட வேண்டும் என்பது விதி. 10 கன மீட்டர் ஒரே வண்டியில் வராது, இரண்டு நடையாகும். முதல் வண்டியின் கான்கிரீட் இறுகத் தொடங்கிய பிறகு இரண்டாவது வந்து சேர்ந்தால் நடுவில் ஒட்டாத மூட்டு விழும், பிற்பாடு அந்தக் கோட்டில்தான் ஒழுகும். பம்பு நிற்க இடமும் வேண்டும். இதையெல்லாம் தாண்டி வந்த கான்கிரீட் சற்றுக் கெட்டியாகத் தெரிந்தால், பம்புக்காரரோ நம் ஆளோ டிரம்முக்குள் ஹோஸை நீட்டிவிடுவார். பிளான்ட்டில் கிராம் சுத்தமாகப் போட்ட கணக்கு அந்த ஒரு நிமிடத்தில் வீணாகிவிடும். ரெடிமிக்ஸ் எடுப்பவர்கள் வண்டிப் பக்கத்தில் ஒருவரை நிறுத்தி, "தண்ணி சேர்க்கக் கூடாது" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பதம் போதவில்லை என்றால் பிளான்ட்டைக் கேட்டு, அவர்கள் சொல்லும், பதத்தை இளக்கும் அட்மிக்சர் மருந்தை அவர்கள் ஆளே சேர்க்கட்டும்.

ஆச்சி வீட்டுச் சந்தில் வண்டி திரும்ப வழியில்லை. பின்பக்கத் தெருவில் நிறுத்திக் குழாய் போடலாம்தான், ஆனால் இடையில் பக்கத்து வீட்டு வளவு வருகிறது. அதோடு அந்த யோசனை நின்றுபோயிற்று. வண்டி வாசலுக்கு வரக்கூடிய வீடாக இருந்திருந்தால், சைட்டில் நின்று பார்க்க ஆளில்லாத வீட்டுக்கு நான் ரெடிமிக்ஸைத்தான் சொல்லியிருப்பேன்.

பெட்டியும் வாளியும்: நாங்கள் எடுத்த வழி

மிஞ்சியது, மேஸ்திரியின் அதே மிக்சர், அதே ஆட்கள், ஆனால் அளவு மட்டும் நம் கையில். ஒரு மூட்டை சிமென்டின் பருமன் ஏறத்தாழ 35 லிட்டர். உட்பக்கம் 35 லிட்டர் கொள்ளும் மரப்பெட்டி ஒன்றைத் தச்சரிடம் அடித்து வாங்கினோம். ஒரு மூட்டைக்கு மணல் ஒன்றரைப் பெட்டி, ஜல்லி மூன்று பெட்டி, இரண்டையும் மட்டப்பலகையால் தலைவெட்டி. தண்ணீருக்கு ஒரே அளவு வாளி. உள்ளே லிட்டர் கோடு பெயின்டில் போட்டது. ஹோஸை மெஷின் பக்கத்திலிருந்தே அப்புறப்படுத்திவிட்டோம்.

எம்20 பங்குக் கலவைக்கு மூட்டைக்கு 30 லிட்டர் வரை போகலாம் என்று ஐ.எஸ். 456-இல் ஒரு அட்டவணை சொல்கிறது. அதே நூலில் நீடித்துழைப்பதற்கான அட்டவணை, காற்று மழை அதிகம் படாத கம்பி கான்கிரீட்டுக்கே 0.55 என்றும், அடுத்த நிலைக்கு 0.50 என்றும் வரம்பு கட்டுகிறது. மொட்டை மாடித் தளத்துக்கு நான் 0.50-ஐ எடுத்தேன், அதாவது மூட்டைக்கு 25 லிட்டர். அந்த அளவில் கலவை கம்பிக்கு நடுவே இறங்கச் சிரமப்படும் என்று மேஸ்திரி சொன்னது உண்மை. அதற்குத்தான் பிளாஸ்டிசைசர். டப்பாவில் குறித்த அளவை அந்தத் தண்ணீரிலேயே கலந்துவிட்டால், தண்ணீர் கூட்டாமலே பதம் இளகும்.

சிக்கல் இதோடு முடியவில்லை, மணலுக்குள் ஏற்கெனவே தண்ணீர் இருக்கிறது. முதல் நாள் இரவு கோடை மழை தூறியதில் எம்-சாண்ட் குவியல் நனைந்திருந்தது. ஒன்றரைப் பெட்டி மணல் ஏறக்குறைய 80 கிலோ. அதில் ஈரம் 5 சதவீதம் என்றால் 4 லிட்டர் தண்ணீர் யாரும் ஊற்றாமலே மெஷினுக்குள் போகிறது. ஈரத்தை அன்று காலை இரும்புச் சட்டியில் வறுத்துப் பார்த்தோம். 1 கிலோ ஈர மணலைத் தகதகவென்று எரியும் அடுப்பில் கிளறி, ஆவி அடங்கிய பிறகு நிறுத்தால் 950 கிராம். ஆக வாளியில் 25-க்குப் பதில் 21 லிட்டர்தான்.

ஈர மணலுக்கு இன்னொரு குணமும் உண்டு. மணற்பருக்கைகளைச் சுற்றி நிற்கும் நீர்ப்படலம் அவற்றை விலக்கிவைப்பதால் மணல் உப்பி நிற்கும். பெட்டி நிறைந்தது போல் தெரியும், உள்ளே மணல் குறைவாக இருக்கும். இதைப் பேத்தி ஒரு கண்ணாடிப் போத்தலில் செய்து காட்டினாள். ஈர மணலை அழுத்தாமல் 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிரப்பினாள். மேலே தண்ணீர் ஊற்றிக் குச்சியால் நன்றாகக் கிளறிவிட்டு வைத்தாள். மணல் 16 சென்டிமீட்டரில் போய் நின்றது. 16-க்கு 4 உப்பல், அதாவது 25 சதவீதம். அன்றைக்கு ஒன்றரைப் பெட்டிக்குப் பதில் ஒன்றேமுக்காலுக்குச் சற்று மேலே போட்டால்தான் மணல் சரியாகும். மேஸ்திரி போத்தலை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இத்தனை வருசமா ஈர மணலுக்கு ஜல்லி தூக்கலாத் தெரியும் சார், ஏன்னு தெரியாம இருந்துச்சு" என்றார். அதன் பிறகு அவரே பெட்டியின் உட்பக்கத்தில் கரிக்கோடு போட்டுக்கொண்டார்.

மணல் கொஞ்சம் கூடும்போது அதோடு வரும் ஈரமும் கொஞ்சம் கூடும். அதனால் வாளியை 20 லிட்டரில் நிறுத்தினோம். வெயிலேறி மணல் மேற்பரப்பு காய்ந்ததும், 11 மணிக்கு மறுபடி வறுத்துப் பார்த்து 22 ஆக்கினோம். ஒவ்வொரு கலவையும் மெஷினில் குறைந்தது 2 நிமிடம் சுழல வேண்டும். ஏற்றி இறக்குவதையும் சேர்த்து ஒரு மூட்டைக்கு 4 நிமிடம், 80 மூட்டைக்கு ஐந்தரை மணி நேரம் என்று கணக்குப் போட்டு, காலை 6 மணிக்கே முதல் கலவையை விட்டோம். சுண்ணாம்புக் கட்டியால் சுவரில் ஐந்து ஐந்தாகக் கோடு போட்டு எண்ணியவர் ஆச்சிதான்.

இந்த வழியின் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். அளவைப் பிடித்து நிற்க ஒருவர் முழு நாளும் வேண்டும். அவர் சாப்பிடப் போகிற அரை மணி நேரத்தில் ஆறேழு கலவை போய்விடும். அன்று எனக்குப் பதில் வாளியைப் பேத்தி பார்த்துக்கொண்டாள். அப்படி ஆள் இல்லாத இடத்தில் பெட்டியும் வாளியும் மூலையில் கிடக்கும், பழைய சட்டிக் கணக்குதான் நடக்கும்.

இறுகும் நாட்கள்

கான்கிரீட் போட்ட அன்று மாலையோடு எல்லோருக்கும் பாதிக் கவனம் போய்விடும். சிமென்ட் தண்ணீரோடு புரியும் வினை பல வாரம் நடக்கும் வேலை. இடையில் ஈரம் வற்றிவிட்டால் அது நின்றுபோகும். நீராற்றாமல் விட்ட கான்கிரீட், நன்றாக நீராற்றியதன் பலத்தில் ஏறத்தாழ பாதியில் நின்றுவிடும் என்று என் ஸ்லைடில் ஒரு கோடு காட்டும். ஆத்தங்குடிக் கல் செய்கிற பட்டறையைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. கண்ணாடிமேல் வண்ணக் கலவை ஊற்றி அச்சடித்த கல்லை வெயிலில் காயப் போடாமல் தொட்டித் தண்ணீரில் ஊறப் போடுவார்கள். ஆச்சிக்கு அந்த ஒரு உதாரணம் போதுமாக இருந்தது.

தளத்துக்கு மூன்று வழி பேசினோம். பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது, ஈரச் சாக்கு விரிப்பது, க்யூரிங் காம்பவுண்ட் அடிப்பது. காம்பவுண்ட் மேலே படலமாக நின்று உள்ளீரத்தைக் காக்கும், தண்ணீரே கிடைக்காத இடத்துக்கு உதவும். ஆனால் அது வெளியிலிருந்து ஈரம் தராது, மேலே பூசவிருக்கும் தளப்பூச்சின் பிடிப்பையும் கெடுக்கும். சாக்கு தூண்களுக்குச் சரி. கிடைமட்டத் தளத்தில் சாக்கு நண்பகலுக்குள் காய்ந்துவிடும், இரண்டு மணிக்கொரு முறை நனைக்க யார் மாடியேறுவார்கள்? பாத்தியில் ஒருமுறை நிரப்பிவிட்டால் யாரும் நினைவில் வைத்துக்கொள்ளாவிட்டாலும் தண்ணீர் தன் வேலையைச் செய்யும். இதில் எனக்குத் தயக்கமே இல்லை, தளத்துக்குப் பாத்திதான்.

தண்ணீர்ச் செலவைப் பற்றி ஆச்சி கவலைப்பட்டார், சித்திரை மாதம் அல்லவா. 750 சதுர அடியில் 2 அங்குலம் நிறுத்த 3,500 லிட்டர் வேண்டும். நாளொன்றுக்கு 7 மில்லிமீட்டர் ஆவியானால் ஈடுகட்ட 500 லிட்டர் போதும். ஒரு சின்ன டாங்க் தண்ணீர்தான். போர்வெல்லில் வரும் தண்ணீர் உப்புக் கரித்ததால் அதை வேண்டாமென்றேன். கம்பி கான்கிரீட்டுக்கு உபயோகிக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. குளோரைடு கம்பியைத் துருவேற்றும். துரு பருமனில் பெருகிக் கான்கிரீட்டை உள்ளிருந்தே வெடிக்கவைக்கும். காரைக்குடியில் 1953 முதல் இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இந்தக் கம்பி அரிப்பையே ஒரு துறையாக வைத்து ஆராய்கிறது. கலக்கவும் நீராற்றவும் லாரித் தண்ணீரையே எடுத்தோம்.

எத்தனை நாள் என்பதற்குச் சிமென்ட் மூட்டையைப் படிக்க வேண்டும். சாதாரண போர்ட்லாண்ட் சிமென்டான ஓபிசி என்றால் குறைந்தது 7 நாள். இன்று கடையில் பெரும்பாலும் கிடைக்கும் பிபிசி, சாம்பல் கலந்தது, மெதுவாக இறுகும். அதற்கும் வறண்ட வெயிலுக்கும் 10 நாளுக்குக் குறையக் கூடாது, பிபிசிக்கு 14 நாள் நல்லது என்கிறது ஐ.எஸ். 456. எங்கள் மூட்டையில் பிபிசி. 14 நாள் என்று முடிவு செய்தோம்.

முதல் ஒரு ராத்திரிதான் எச்சரிக்கையாக இருக்க வேண்டியது. சித்திரைக் காற்று, தேய்த்து முடித்த அரை மணியிலேயே மேல்தோலை உலர்த்தி மயிரிழை வெடிப்புகளை உண்டாக்கிவிடும். அப்போது பாத்தியும் கட்ட முடியாது, கான்கிரீட் பச்சையாக இருக்கும், தண்ணீரைக் கொட்டினால் பாலை அடித்துக்கொண்டு போகும். அதனால் தேய்த்த பகுதியை உடனுக்குடன் பிளாஸ்டிக் ஷீட்டால் மூடிக்கொண்டே வந்தோம். ஓரங்களில் செங்கல் பாரம். மறுநாள் விடியலில் கட்டைவிரலால் அழுத்தினால் தடம் பதியவில்லை. ஷீட்டை உருவிவிட்டுச் சிமென்ட் குறைந்த கலவையில் வரப்பு கட்டி நீர் நிறுத்தினோம். பாத்தியில் தண்ணீர் நிற்பதைப் பார்த்து, நாலரை மீட்டருக்கு உட்பட்ட அறைகளில் 7 நாளிலேயே முட்டு பிரிக்கலாமே என்று சென்டரிங்காரர் கேட்டார். விதியில் அந்த 7 நாள் சாதாரண ஓபிசிக்கு. மெதுவாக இறுகும் சிமென்டுக்கு அதை நீட்ட வேண்டும், பீமுக்கோ எப்படியும் 14. எதையும் 14 நாளுக்கு முன் தொட வேண்டாம் என்றேன். அவருக்கு வாடகை நாள் கூடியது வருத்தம்தான்.

கான்கிரீட் போடும்போதே, பிறகு நசுக்கிப் பலம் பார்க்க, அதே கலவையில் 150 மில்லிமீட்டர் கியூப் ஆறு எடுத்திருந்தோம். ஒரே கலவையிலிருந்து மூன்று, 11 மணி மாற்றத்துக்குப் பிறகு மூன்று. முதல் செட்டை 7-ஆம் நாள் பாலிடெக்னிக் மெஷினில் வைத்து நசுக்கியபோது சராசரி சதுர மில்லிமீட்டருக்கு 18.4 நியூட்டன். 7 நாளில் மூன்றில் இரண்டு பங்கு என்ற கணக்குப்படி 28 நாளில் 27.6 பக்கம் வர வேண்டும். இரண்டாவது செட்டை 28-ஆம் நாள் உடைத்தோம். 610, 640, 655 கிலோநியூட்டனில் நொறுங்கின. 22,500 சதுர மில்லிமீட்டரால் வகுத்தால் 27.1, 28.4, 29.1. மேஸ்திரியும் வந்திருந்தார். உடைந்த கியூபைக் கையிலெடுத்து, ஜல்லியே பிளந்திருக்கிற முகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, பெட்டியை வைத்துக்கொள்ளலாமா என்று ஆச்சியிடம் கேட்டார். தேவகோட்டையில் அவருக்கு அடுத்த தளம் வைகாசியில் இருக்கிறது.